அம்மாவின் காரில் வைக்க ஓர் அட்டை: எந்த விளக்கு எரிந்தால் என்ன செய்வது, நிறவாரியாக

தென்றல்வாசகி:
அம்மாவுக்கு 71 வயது. பெட்ரோல் கார், ஆட்டோமேட்டிக் கியர். தனியாகத்தான் ஓட்டுகிறார், நன்றாகவே ஓட்டுகிறார். பகலில் மட்டும், தெரிந்த சாலைகளில் மட்டும். டேஷ்போர்டில் ஏதாவது விளக்கு எரிந்தால்தான் சிக்கல். எது அவசரம், எது பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பது அவருக்குப் பிடிபடுவதில்லை. கையேட்டில் விளக்குகளுக்கு மட்டுமே பல பக்கங்கள் இருக்கின்றன. பதற்றத்தில் யார் அதைப் புரட்டுவார்கள்?

அதனால் கிளவ் பாக்ஸில் வைக்க ஒரு சின்ன அட்டை தயாரிக்கிறேன். சிவப்பு, மஞ்சள், பச்சை-நீலம் என்று மூன்று பகுதி. எல்லாக் குறிகளையும் போட மாட்டேன், அவர் ஏதாவது செய்தாக வேண்டியவை மட்டும்தான். முதல் வரைவு:

சிவப்பு: உடனே நிறுத்தி இன்ஜினை அணைக்கவும். (ஆயில், வெப்பநிலை, பேட்டரி, பிரேக், ஏர்பேக், சீட் பெல்ட், கதவு)
மஞ்சள்: இந்த வாரத்துக்குள் மெக்கானிக்கிடம் காட்டவும். (இன்ஜின், டயர், ஏபிஎஸ், வழுக்கும் கார் படம்)
பச்சை, நீலம்: ஒன்றும் செய்ய வேண்டாம்.

விட்டுப்போனது என்ன, எடுக்க வேண்டியது என்ன, சொல்லுங்கள்.

நிழற்குடை:
இதுவே போதும் என்பேன். உலகம் முழுக்க இந்த நிறங்களுக்கு ஒரே அர்த்தம்தான். சிவப்பு ஆபத்து, மஞ்சள் எச்சரிக்கை, பச்சையும் நீலமும் தகவல். வயதானவர்களுக்கு எவ்வளவு சுருக்கமோ அவ்வளவு நல்லது. "சிவப்பு வந்தால் இன்ஜினை அணை" என்ற ஒரே வரியை மனப்பாடம் செய்துவிட்டால் அட்டையே தேவைப்படாது.

பட்டறைக்காரர்:
நிறத்தைப் பத்தி நிழற்குடை சொன்னது சரி. ஆனா நிறம் எவ்வளவு அவசரம்னுதான் சொல்லும், கை என்ன செய்யணும்னு சொல்லாது. சிவப்புக்குள்ளேயே ஒண்ணுக்கொண்ணு நேர் எதிரான ரெண்டு வேலை இருக்கு. அதை ஒரே வரியில போட்டா அம்மா நடுரோட்டுல மாட்டிக்குவாங்க.

ஆயில் விளக்கை எடுத்துக்கோங்க. குடத்துல இருந்து ஒரு சொட்டு விழுற படம். அது சிவப்பா எரிஞ்சா ஆயில் அழுத்தம் இல்லைன்னு அர்த்தம். இன்ஜினுக்குள்ள பேரிங், கேம் எல்லாம் ஆயில் படலத்து மேல மிதந்துதான் சுத்துது. அழுத்தம் போனா இரும்போட இரும்பு உரசும். சில நிமிஷத்துலயே இன்ஜின் இறுகிப் போகலாம். அதனால ஓரங்கட்டு, உடனே அணை. "இன்னும் கொஞ்ச தூரம்தானே, வீட்டுக்கே போயிடலாம்"ங்கிற பேச்சு இங்க கிடையாது.

பேட்டரி விளக்கு அப்படி இல்லை. அதுவும் சிவப்புதான். ஆனா பேட்டரி கெட்டுப்போச்சுன்னு அது சொல்லலை, பேட்டரிக்குச் சார்ஜ் ஏறலைன்னு சொல்லுது. பெரும்பாலும் ஆல்டர்னேட்டரோ அதைச் சுத்துற பெல்ட்டோதான் காரணம். இப்ப வண்டி பேட்டரில மிச்சம் இருக்கிற கரண்ட்ல ஓடிக்கிட்டு இருக்கு. நின்ன இடத்துலயே அணைச்சா மறுபடி ஸ்டார்ட் ஆகும்னு நிச்சயம் இல்லை. வளைவுலயோ பாலத்து மேலயோ அணைச்சுட்டாங்கன்னா அங்கேயேதான் நிக்கணும். அதனால ஏசியை அணை, பாதுகாப்பான இடம் வரைக்கும் நிதானமா ஓட்டு, அங்க போய் அணை, மறுபடி ஸ்டார்ட் பண்ணாதே. இதுதான் அதுக்கான வரி.

ரெண்டும் சிவப்பு. ஒண்ணுல ஒரு நிமிஷம் கூட ஓடினா இன்ஜின் போச்சு, இன்னொண்ணுல ஒரு நிமிஷம் முன்னாடி அணைச்சா அம்மா ஆபத்தான இடத்துல நிப்பாங்க. சிவப்பை ரெண்டா பிரிச்சே ஆகணும்.

தென்றல்வாசகி:
அண்ணா, இது எனக்குப் புதிது. பேட்டரி விளக்கு என்றால் பேட்டரி மாற்ற வேண்டும் என்றுதான் நினைத்திருந்தேன். பேட்டரியில் எவ்வளவு நேரம் ஓடும்? அம்மாவுக்கு ஒரு நிமிடக் கணக்கு கொடுத்தால் தெளிவாக இருக்கும்.

பட்டறைக்காரர்:
கணக்கு கொடுக்காதீங்க. நல்ல பேட்டரி, பகல் நேரம், ஏசி இல்லைன்னா அரை மணி நேரமோ அதுக்கு மேலயோ ஓடலாம். பழைய பேட்டரி, ராத்திரி, மழைன்னா ஹெட்லைட்டும் வைப்பரும் சேர்ந்து சில நிமிஷத்துல தீர்த்துடும். அட்டையில "30 நிமிடம்"னு எழுதினா அம்மா அதை நம்பி வீடு வரைக்கும் ஓட்டுவாங்க. "அடுத்த பாதுகாப்பான இடம்"னு எழுதினாதான் அங்க நிறுத்துவாங்க.

இன்னொண்ணு. நிறைய வண்டில ஒரே பெல்ட் ஆல்டர்னேட்டரையும் தண்ணி பம்பையும் சேர்த்துச் சுத்தும். சில பழைய வண்டில ஸ்டீயரிங் பம்பும் அதே பெல்ட்தான். பெல்ட் அறுந்தா முதல்ல பேட்டரி விளக்கு வரும், ஸ்டீயரிங் கனமாகும், கொஞ்ச நேரத்துல வெப்பமானி விளக்கும் வரும். அப்ப அது பேட்டரி கேஸ் இல்லை, அணைச்சே ஆகணும்.

வழிப்போக்கன்:
என் அப்பாவுக்கு நடந்ததைச் சொல்கிறேன். மஞ்சள் இன்ஜின் விளக்கு எரிந்தது. பயந்துபோய் வலது லேனிலேயே வண்டியை நிறுத்திவிட்டார். பின்னால் வந்த லாரி மயிரிழையில் ஒதுங்கியது. கடைசியில் பார்த்தால், பெட்ரோல் போட்ட இடத்தில் டேங்க் மூடியைச் சரியாகத் திருகவில்லை, அவ்வளவுதான். அதனால் "நிறுத்தவும்" என்ற சொல்லைக் கவனமாகப் பயன்படுத்துங்கள். எங்கே நிறுத்த வேண்டும் என்பதும் அதே வரியில் இருக்க வேண்டும். எந்த விளக்கும் நடுரோட்டில் நிற்கச் சொல்லவில்லை.

பட்டறைக்காரர்:
இது முக்கியம். ஆயில் விளக்கா இருந்தாலும் ஆக்சிலரேட்டர்ல இருந்து காலை எடு, இண்டிகேட்டர் போடு, ஓரமா உருட்டிக் கொண்டு போ, நின்ன பிறகுதான் அணை. ஓடிக்கிட்டு இருக்கும்போதே அணைச்சா ஸ்டீயரிங்குக்கான உதவி போயிடும். பிரேக்குக்கு ஒண்ணு ரெண்டு மிதிக்குத்தான் பூஸ்டர்ல மிச்சம் இருக்கும், அப்புறம் கல்லு மாதிரி இறுகிடும். 71 வயசுக் கால் பலத்துக்கு அது ஆகாது. இன்ஜினைக் காப்பாத்தப் போய் ஆளை விடக்கூடாது.

டேங்க் மூடி விஷயமும் உண்மைதான். மூடி சரியா இல்லைன்னா பெட்ரோல் ஆவி கசியும், அதை வண்டி பழுதுன்னு பதிவு பண்ணி அந்த விளக்கைப் போடும். மூடியை டிக் டிக்னு சத்தம் வரும் வரைக்கும் திருகினாலும் விளக்கு உடனே அணையாது. சில தடவை ஓட்டின பிறகுதான் தானா அணையும்.

மஞ்சள்சிட்டு:
நல்ல முயற்சி. நானும் என் மாமனாருக்கு ஒன்று செய்து வைத்திருக்கிறேன். இரத்த வகை, சர்க்கரை மாத்திரையின் பெயர், அளவு, எந்த மருந்து ஒவ்வாது, டாக்டர் எண், எங்கள் மூன்று பேரின் எண். சிவப்பு எழுத்தில் ஒவ்வாமை, பச்சையில் தினசரி மாத்திரை. இதையும் சேர்த்துவிடுங்கள்.

தென்றல்வாசகி:
நன்றி சிட்டு. ஆனால் இது டேஷ்போர்டு விளக்குகளுக்கான அட்டை மட்டும். மருந்து விவரம் அம்மாவின் கைப்பையில் தனியாக இருக்கிறது. வண்டியை விட்டு இறங்கினாலும் கூடவே போக வேண்டிய விஷயம் அது. இரண்டையும் கலந்தால் இரண்டுமே தேடும்போது கிடைக்காது. தொலைபேசி எண் மட்டும் எடுத்துக்கொள்கிறேன். அட்டையின் அடியில் என் எண்ணும் மெக்கானிக் எண்ணும் பெரிதாக இருக்கும்.

கண்ணாடிக்கடை_அக்கா:
நான் கண் பரிசோதனை வேலையில் இருக்கிறேன், அந்தப் பக்கத்திலிருந்து இரண்டு விஷயம்.

முதலாவது, நிறத்தை மட்டும் நம்ப வேண்டாம். வயது ஏற ஏறக் கண்ணின் லென்ஸ் மஞ்சளிக்கும். நீலம் மங்கலாகத் தெரியும், நீலத்துக்கும் பச்சைக்கும் வித்தியாசம் குறையும். கண்புரை இருந்தால் இன்னும் அதிகம். ஆண்களில் பலருக்குப் பிறவியிலேயே சிவப்பு-பச்சைக் குறைபாடு உண்டு. அவர்களுக்குச் சிவப்பும் ஆரஞ்சு கலந்த மஞ்சளும் ஏறத்தாழ ஒன்றாகவே தெரியலாம். அப்பாவுக்காக இதைச் செய்பவர்கள் கட்டாயம் கவனியுங்கள். ஒவ்வொரு பகுதியின் தலையிலும் "சிவப்பு", "மஞ்சள்" என்று எழுத்திலும் இருக்கட்டும். சிவப்பு ஒரு பக்கம், மஞ்சள் மறுபக்கம் என்று வைத்தால் நிறம் குழம்பினாலும் இடம் கைகொடுக்கும்.

இரண்டாவது, அம்மா டேஷ்போர்டைப் பார்ப்பது கை நீள தூரத்தில், அட்டையைப் படிப்பது அதைவிடக் கிட்டத்தில். ஓட்டும்போது தூரப்பார்வைக் கண்ணாடி மட்டும் போட்டிருந்தால் அட்டையின் சிறிய எழுத்து தெரியாது. 18 புள்ளிக்குக் குறையாத எழுத்து, ஒரு குறிக்கு ஒரு வரி. பளபளக்கும் லேமினேஷன் வேண்டாம், மேட் போடுங்கள். வெயிலில் பளபளப்பு அட்டை வெளிச்சத்தைத்தான் காட்டும், எழுத்தைக் காட்டாது.

நிழற்குடை:
அக்கா சொன்னதை ஏற்கிறேன். ஆனால் இடமும் எழுத்தும் படமும் எல்லாம் சேர்ந்தால் அட்டை நிரம்பிவிடுமே. அதோடு, ஓட்டிக்கொண்டிருப்பவர் கிளவ் பாக்ஸை எட்டித் திறந்து பார்க்க முயல்வாரே, அது விளக்கைவிடப் பெரிய ஆபத்து இல்லையா? கண்ணெதிரே சன் வைசரில் மாட்டினால் என்ன?

பட்டறைக்காரர்:
சன் வைசர்ல வச்சா ஓட்டிக்கிட்டே படிக்கத் தோணும். கிளவ் பாக்ஸ்ல இருக்கிறதுதான் நல்லது, நிறுத்தினாதான் எட்டும். அட்டையோட முதல் வரியே "வண்டி நின்ற பிறகு படிக்கவும்"னு இருக்கட்டும்.

அப்படின்னா ஓடும்போது என்ன செய்யணுங்கிறது அட்டையில இருந்து பிரயோஜனம் இல்லை, அம்மா தலைக்குள்ள இருக்கணும். அது மூணே மூணு விஷயம்தான். எந்தச் சிவப்பு வந்தாலும் வேகத்தைக் குறைச்சு பாதுகாப்பா ஓரம் கட்டணும். ஆயில் குடமோ வெப்பமானியோ இருந்தா கிடைச்ச முதல் ஓரம், நின்னதும் அணை. பேட்டரின்னா நல்ல இடம் வரைக்கும் போகலாம். மத்ததை எல்லாம் அட்டை பார்த்துக்கும்.

தென்றல்வாசகி:
சரி, அப்படியானால் பிரேக் விளக்கு எந்தப் பக்கம்? வட்டத்துக்குள் ஆச்சரியக்குறி. அம்மா இதை அடிக்கடி பார்ப்பதாகச் சொல்கிறார். ஹேண்ட்பிரேக்கை முழுதாக இறக்காதபோதுதான் வருகிறது போல.

பட்டறைக்காரர்:
அதுதான் இந்த விளக்கோட கஷ்டம். பல வண்டில ஒரே விளக்கு ரெண்டு சேதி சொல்லுது. ஹேண்ட்பிரேக் போட்டிருந்தாலும் எரியும், பிரேக் ஆயில் குறைஞ்சாலும் எரியும். தினமும் முதல் காரணத்துக்காகப் பார்த்துப் பழகின கண்ணு ரெண்டாவது காரணத்தைக் கண்டுக்காது. அதனால வரி இப்படி: ஹேண்ட்பிரேக்கை முழுசா இறக்கு. அப்பவும் எரிஞ்சா ஓட்டாதே, கூப்பிடு.

வளைவுல திரும்பும்போதோ பிரேக் அழுத்தும்போதோ மட்டும் மினுக்கிட்டு அணைஞ்சா, பிரேக் ஆயில் கீழ்க் கோடு வரைக்கும் இறங்கியிருக்குன்னு அர்த்தம். சாய்வுல ஆயில் ஒரு பக்கம் ஒதுங்குது, மிதவை கீழ போகுது. பேட் தேஞ்சாலும் அளவு குறையும், எங்கேயாவது கசிஞ்சாலும் குறையும். எதுன்னு அம்மா கண்டுபிடிக்க வேண்டாம். "மினுக்கினாலும் எரிந்ததாகவே கொள்ளவும்"னு ஒரு வரி போதும். ஆயில் குடத்துக்கும் அதே வரி பொருந்தும். வளைவுல மட்டும் ஆயில் விளக்கு மினுக்கினா, அடியில ஆயில் குறைஞ்சு பம்ப் காத்தை உறிஞ்சுதுன்னு அர்த்தம்.

பிரேக் சிவப்பும் ஏபிஎஸ் மஞ்சளும் சேர்ந்து எரிஞ்சா, பிரேக் மிதி நல்லா இருக்கிற மாதிரி தெரிஞ்சாலும் ஓட்டக்கூடாது. திடீர் பிரேக்ல பின் சக்கரம் முதல்ல பூட்டிக்கிட்டு வண்டி சுத்திடலாம்.

வழிப்போக்கன்:
ஏர்பேக்கைச் சிவப்பில் போட்டிருக்கிறீர்களே, எங்கள் வண்டியில் அது மஞ்சள். எது சரி?

பட்டறைக்காரர்:
ரெண்டுமே இருக்கு, கம்பெனிக்குக் கம்பெனி மாறும். சிவப்பா வந்தாலும் அது ஓரங்கட்டச் சொல்ற விளக்கு இல்லை. மோதினா ஏர்பேக் விரியாம போகலாம்னு சொல்லுது, சீக்கிரம் காட்டணும், அவ்வளவுதான். அதனாலதான் சொல்றேன், பொதுவான படப்பட்டியலை இறக்கி அட்டை பண்ணாதீங்க. அம்மா வண்டில எந்த நிறத்துல வருதோ அதைப் போடுங்க.

சீட் பெல்ட்டும் கதவும் அட்டைக்கே வேண்டாம். படத்தைப் பார்த்தாலே புரியுது, சத்தமும் போடுது. தெரிஞ்சதை எழுதினா தெரியாதது அதுக்குள்ள ஒளிஞ்சுக்கும்.

தென்றல்வாசகி:
அம்மா வண்டியில் எந்த விளக்கு எந்த நிறம் என்று எப்படிப் பார்ப்பது? கையேட்டில் எல்லாம் கறுப்பு வெள்ளைப் படம்.

பட்டறைக்காரர்:
சாவி வண்டின்னா இன்ஜினை ஸ்டார்ட் பண்ணாம சாவியை ஆன் வரைக்கும் திருப்புங்க. பட்டன் வண்டின்னா பெரும்பாலும் பிரேக்ல கால் வைக்காம ரெண்டு தடவை அழுத்தினா போதும். எச்சரிக்கை விளக்குகள் வரிசையா எரியும். சிலது சில நொடில அணைஞ்சுடும், அதனால போட்டோ வேண்டாம், வீடியோ எடுங்க. அதுல இருந்து படத்தை வெட்டி அட்டையில ஒட்டினா அம்மா பார்க்கிற அதே உருவம், அதே நிறம், கறுப்புப் பின்னணியோட வரும். திரை வச்ச புது வண்டில சில குறி தேவைப்படும்போதுதான் வரும், அதை மட்டும் கையேட்டைப் பார்த்து எடுங்க.

இதுல இன்னொரு சோதனையும் இருக்கு. ஆயில் குடமும் பேட்டரியும் இன்ஜின் ஸ்டார்ட் ஆகும் வரைக்கும் எரியணும். சாவியை ஆன் பண்ணும்போது ஆயில் விளக்கு எரியவே இல்லைன்னா விளக்கோ வயரோ போயிருக்கு. அப்படி ஒரு வண்டி என்கிட்ட வந்தது. விளக்கு எரியாததால ஓட்டினவருக்கு எதுவும் தெரியலை, இன்ஜின் இறுகித்தான் நின்னது. அட்டை பண்றதுக்கு முன்னாடி விளக்கு உயிரோட இருக்கான்னு பாருங்க.

மின்வண்டி:
எங்கள் வீட்டில் மின்சாரக் கார். ஆயில் குடமே கிடையாது. ஆனால் பேட்டரிக் குறி சிவப்பாக உண்டு, அது ஓட்டும் பெரிய பேட்டரிக்கு அல்ல, 12 வோல்ட் பேட்டரிக்கு. அது இறங்கினால் பெரிய பேட்டரி நிறைந்திருந்தாலும் வண்டி நின்றுவிடும். மஞ்சளில் ஆமைப் படம் ஒன்று வரும். வண்டியின் திறன் தானாகக் குறைக்கப்பட்டிருக்கிறது என்று பொருள், பெரும்பாலும் சார்ஜ் குறைந்ததால். இந்த இழையைப் பார்த்து அட்டை செய்பவர்கள் வண்டி வகையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கண்ணாடிக்கடை_அக்கா:
நீலம் "ஒன்றும் செய்ய வேண்டாம்" என்று இருக்கிறதே. ஹை பீம் நீலம்தானே? எதிரில் வருபவரின் கண் கூசும். அங்கே செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது.

தென்றல்வாசகி:
நல்ல கேள்வி அக்கா. அம்மா இரவில் ஓட்டுவதில்லை, ஆனால் கை பட்டுத் தானாக மாறிவிடலாம். "நீலத்தில் ஹெட்லைட் படம்: கம்பியைப் பின்னால் இழுத்து அணைக்கவும்" என்று சேர்க்கிறேன். இன்னொன்றும் கவனித்தேன். அம்மா வண்டியில் காலையில் ஸ்டார்ட் செய்ததும் வெப்பமானிக் குறி நீலத்தில் எரிகிறது. இதைத்தான் அவர் "வெப்ப விளக்கு தினமும் வருகிறது, ஒன்றும் ஆகவில்லை" என்று சொல்லிக்கொண்டிருந்தார்!

பட்டறைக்காரர்:
பார்த்தீங்களா, இதுக்குத்தான் நிறவாரியான அட்டை. நீல வெப்பமானின்னா இன்ஜின் இன்னும் குளிர்ச்சியா இருக்கு, மெதுவா ஓட்டுன்னு அர்த்தம். கொஞ்ச நேரத்துல தானா அணையும். அதே படம் சிவப்பா வந்தா கொதிக்குதுன்னு அர்த்தம். தினமும் பார்த்துப் பழகினதால சிவப்பு வரும்போதும் "இது வழக்கம்தானே"ன்னு விட்டுடுவாங்க. அட்டையில இந்த ஒரு படத்தை மட்டும் ரெண்டு நிறத்துலயும் பக்கத்துல பக்கத்துல போடுங்க. வேற எதுக்கும் இது வேண்டாம்.

சிவப்பு வெப்பமானிக்கு இன்னொரு வரி கட்டாயம்: ரேடியேட்டர் மூடியைத் திறக்காதே. உள்ள அழுத்தம் இருக்கிறதால 100 டிகிரிக்கு மேலயும் கொதிக்காம நிக்கும். மூடியைத் திறந்த நொடி எல்லாம் கொதிச்சு முகத்துல அடிக்கும். உதவிக்கு வர்றவங்கதான் பெரும்பாலும் திறப்பாங்க, அதனால அவங்களும் படிக்கிற அளவுக்குப் பெரிசா எழுதுங்க.

நிழற்குடை:
மஞ்சளில் எல்லாமே "இந்த வாரத்துக்குள்" என்பதில் யாருக்கும் மறுப்பு இல்லையே?

பட்டறைக்காரர்:
எனக்கு ஒரு மறுப்பு இருக்கு. இன்ஜின் விளக்கு நிலையா எரிஞ்சா, வண்டி வழக்கம்போல ஓடினா, இந்த வாரம் சரி. மின்னி மின்னி எரிஞ்சா அது வேற சேதி. ஏதோ ஒரு சிலிண்டர்ல தீ பத்தலை, எரியாத பெட்ரோல் அப்படியே சைலன்சர் பக்கம் போகுது. அங்க இருக்கிற கேட்டலிட்டிக் கன்வர்ட்டர்ல போய் எரியும், அது பழுக்கக் காய்ஞ்சு உருகிடலாம். அடியில காய்ஞ்ச புல் இருந்தா தீப்பிடிக்கவும் வாய்ப்பு உண்டு. ஆக்சிலரேட்டரை விட்டு மெதுவா போகணும். மின்னுறது நின்னா அப்படியே மெக்கானிக்கிட்ட போகலாம், நிக்கலைன்னா புல் இல்லாத ஓரத்துல நிறுத்தணும்.

நிழற்குடை:
அப்படியானால் மின்னும் இன்ஜினைச் சிவப்புப் பக்கத்திலேயே போட்டுவிடலாமே. செய்ய வேண்டியது சிவப்பைப் போலத்தானே இருக்கிறது.

கண்ணாடிக்கடை_அக்கா:
அதை ஏற்க மாட்டேன். அம்மா டேஷ்போர்டில் மஞ்சளைப் பார்ப்பார், அட்டையின் மஞ்சள் பக்கத்தில்தான் தேடுவார். நிறம் என்பது தேடுவதற்கான வழி. அதை மீறினால் அட்டையின் மேல் நம்பிக்கை போய்விடும். மஞ்சள் பக்கத்தின் முதல் வரியாக, சுற்றிலும் சின்னக் கோடுகள் போட்டு "மின்னினால்" என்று வைக்கலாம்.

பட்டறைக்காரர்:
எனக்கு ரெண்டும் சரியாத்தான் படுது. அம்மா எப்படித் தேடுறாங்கன்னு பார்த்து முடிவு பண்ணுங்க.

மஞ்சள்ல டயர் குறியும் ஒரு வாரம் தாங்காது. குதிரை லாடம் மாதிரி படம், நடுவுல ஆச்சரியக்குறி. அன்னைக்கே காத்து பார்க்கணும். வண்டி ஒரு பக்கம் இழுத்தா உடனே ஓரங்கட்டணும். வழுக்குற கார் படம் மின்னினா அது பழுது இல்லை. சாலை வழுக்குது, வண்டி தானா சமாளிச்சுக்கிட்டு இருக்கு, வேகத்தைக் குறைன்னு அர்த்தம்.

தென்றல்வாசகி:
எல்லோருக்கும் நன்றி. வீடியோ எடுத்து, படங்களை வெட்டி, இப்படி முடித்திருக்கிறேன். உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிது, மேட் லேமினேஷன்.

முன்பக்கம், மேலே: *வண்டி நின்ற பிறகு படிக்கவும்.*

சிவப்பு
ஆயில் குடம்: இன்ஜினை அணைக்கவும். மறுபடி ஸ்டார்ட் செய்ய வேண்டாம். கூப்பிடவும்.
வெப்பமானி: இன்ஜினை அணைக்கவும். ரேடியேட்டர் மூடியைத் திறக்க வேண்டாம். கூப்பிடவும். (பக்கத்தில் நீல வெப்பமானி: குளிர்ச்சி, பயம் இல்லை.)
பிரேக்: ஹேண்ட்பிரேக்கை இறக்கவும். அப்போதும் எரிந்தால் ஓட்ட வேண்டாம்.
ஸ்டீயரிங்: கனமாக இருந்தால் ஓட்ட வேண்டாம்.
பேட்டரி (தனிக்கட்டத்தில்): ஏசியை அணைத்து, பாதுகாப்பான இடம் வரை ஓட்டலாம். அங்கே அணைத்த பின் ஸ்டார்ட் செய்ய வேண்டாம். வேறு சிவப்பும் சேர்ந்து வந்தால் உடனே ஓரங்கட்டி அணைக்கவும்.
மினுக்கினாலும் எரிந்ததாகவே கொள்ளவும்.

பின்பக்கம்: மஞ்சள்
இன்ஜின் மின்னினால்: மெதுவாகப் போகவும். மின்னுவது நிற்காவிட்டால் ஓரங்கட்டவும்.
இன்ஜின் நிலையாக எரிந்தால்: டேங்க் மூடியைப் பார்க்கவும். இந்த வாரம் காட்டவும்.
டயர்: இன்றே காற்று பார்க்கவும்.
ஏபிஎஸ், ஏர்பேக்: இந்த வாரம் காட்டவும்.

பச்சை, நீலம்: கவலை இல்லை. நீல ஹெட்லைட் மட்டும் அணைக்கவும்.

எங்கள் வண்டியில் ஏர்பேக் சிவப்பாகத்தான் எரிகிறது. அதனால் அதை மஞ்சள் பக்கத்தில் வைத்தது அக்கா சொன்ன விதியை மீறுகிறது என்று தெரியும். சிவப்புப் பக்கத்தில் வைத்தால் அம்மா நிறுத்திவிடுவார். இன்னும் யோசிக்கிறேன்.

அம்மாவிடம் வீடியோவைக் காட்டி, ஒவ்வொரு விளக்கிலும் நிறுத்தி "இப்போது என்ன செய்வீர்கள்?" என்று கேட்டேன். ஆயிலுக்கும் வெப்பமானிக்கும் அட்டையைப் பார்க்காமலே சொன்னார். பேட்டரிக்கு அட்டையைத் திருப்பினார், தனிக்கட்டம் இருந்ததால் உடனே கண்டுபிடித்தார். ஸ்டீயரிங் குறியை மட்டும் இரண்டு பக்கமும் தேடினார், படம் சிறிதாக இருந்தது. அதைப் பெரிதாக்குகிறேன்.

கண்ணாடிக்கடை_அக்கா:
ஏர்பேக்கைச் சிவப்புப் பக்கத்தின் கடைசியில் ஒரு கோடு போட்டு, கோட்டுக்குக் கீழே "ஓட்டலாம், இந்த வாரம் காட்டவும்" என்று வையுங்கள். தேடும் இடமும் மாறாது, பயமும் வராது.

வழிப்போக்கன்:
அப்பா வண்டி டீசல். சைலன்சர் மாதிரி ஒரு படத்துக்குள் புள்ளிகள், மஞ்சளில் அடிக்கடி வருகிறது. அவர் பக்கத்துத் தெரு வரைதான் ஓட்டுகிறார். இதற்கும் "இந்த வாரம் காட்டவும்" போதுமா?

பட்டறைக்காரர்:
அது கரி வடிகட்டி. பக்கத்துத் தெரு ஓட்டம்தான் காரணம். அது சூடானாதான் கரி எரிஞ்சு சுத்தமாகும், குட்டி ஓட்டத்துல சூடாகவே வழியில்லை. விளக்கு வந்ததும் நல்ல சாலைல 60 கிலோமீட்டர் வேகத்துக்குக் குறையாம 15, 20 நிமிஷம் நிக்காம ஓட்டினா பெரும்பாலும் அணைஞ்சுடும். சரியான வேகம் உங்க கையேட்டுல இருக்கும், அதைப் பாருங்க. கூடவே இன்ஜின் விளக்கும் எரிஞ்சா ஓட்டிப் பார்க்காதீங்க, நேரா பட்டறைக்குக் கொண்டு போங்க.

அப்பாவுக்கு அந்த வேகத்துல ஓட்ட விருப்பம் இல்லைன்னா அட்டையில "மகனிடம் கொடுக்கவும்"னு எழுதுங்க. வாரம் ஒரு தடவை நீங்களே எடுத்து ஓட்டிட்டு வாங்க. அப்பப்ப ஆயில் அளவையும் பாருங்க. எரிக்கிற வேலை பாதியில நின்னு நின்னு போனா டீசல் ஆயில்ல கலந்து அளவு ஏறும். குச்சில மேல் கோட்டைத் தாண்டி இருந்தா ஆயிலை மாத்தின பிறகுதான் எடுக்கணும்.